ரிம் தேய்வு: பள்ளக்கோட்டைப் பார்ப்பதும், சுவரை அளப்பதும், சில்லை எப்போது கழற்றிப் போடுவது என்பதும்

2022 நடுப்பகுதியில் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது கொழும்பில் நிறையப் பேர் சைக்கிளுக்கு மாறினார்கள். சிலர் புதிதாக வாங்கினார்கள். சிலர் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த சைக்கிளை வாங்கினார்கள். இன்னும் சிலர் வீட்டு மூலையில் கிடந்ததைத் தூசு தட்டி எடுத்தார்கள். அவற்றில் இன்றும் ஓடுகிற சைக்கிள்களுக்குப் பிரேக் கட்டையும் டயரும் மாற்றியாகிவிட்டது. ரிம்மை மட்டும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அது வளைந்தால்தான் கெட்டுப்போகும் என்று ஒரு எண்ணம்.

பக்கவாட்டில் கட்டை அழுத்துகிற பிரேக்கில் ரிம்மும் பிரேக்கின் ஒரு பாதிதான். கட்டை தேய்வது போல ரிம்மின் பக்கச்சுவரும் தேய்கிறது. கட்டை தேய்ந்தால் பிரேக் பிடிக்காது, அது உடனே தெரிந்துவிடும். சுவர் தேய்ந்தால் பிரேக் வழமை போலவே பிடிக்கும். அதனால்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்தச் சைக்கிளுக்கு இது பொருந்தும்

அலுமினிய ரிம், அதன் இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை வந்து அழுத்தும் பிரேக். வி-பிரேக், கலிப்பர், கன்டிலீவர் எல்லாம் இதில் அடங்கும். டிஸ்க் பிரேக் என்றால் இந்தக் கவலை இல்லை. ஜப்பான் சைக்கிள்கள் பலவற்றில் பின்பக்கப் பிரேக் ஹப்போடு சேர்ந்த டிரம் போல இருக்கும். முன்பக்கம் மட்டும் ரிம்மில் பிடிக்கும். அப்படியானால் முன் சில்லை மட்டும் பாருங்கள். பிரேக்கைக் கம்பிகளால் இழுக்கும் பழைய பாரச் சைக்கிள்களில் கட்டை ரிம்மின் உள்வளையத்தில்தான் படும். அந்த இரும்பு ரிம்முக்குத் துருதான் எதிரி, அது வேறு கதை.

சுவர் ஏன் வெடிக்கிறது

டயரை ரிம்மில் பிடித்து வைத்திருப்பது இரு பக்கச்சுவர்களின் மேல் விளிம்பில் உள்ள கொக்கி. காற்று அடித்ததும் டயர் விரியப் பார்க்கும். அந்த இழுவை கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளும். 35 மில்லிமீற்றர் அகல டயரில் 65 பிஎஸ்ஐ காற்று இருந்தால், டயரின் துணியில் ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 8 கிலோ எடை தொங்குவது போன்ற இழுவை இருக்கும். அது முழுவதும் பக்கவாட்டில் இழுக்காது, ஒரு பங்குதான் இழுக்கும். ஆனால் அது ரிம்மின் முழுச் சுற்றிலும், இரு பக்கமும், சைக்கிள் நிறுத்தி வைத்திருக்கும்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. ஒல்லி டயரில் 100 பிஎஸ்ஐ அடித்தாலும் கணக்கு ஏறக்குறைய இதே அளவுதான் வரும், ஏனென்றால் அங்கே காற்று அதிகம், அகலம் குறைவு. ஆகவே "எனது அகலமான டயர், காற்றும் குறைவு, எனக்குப் பயமில்லை" என்பது சரியான கணக்கு இல்லை.

இந்த இழுவை சுவரை அடியில் இருந்து வளைக்கப் பார்க்கிறது. ஒரு தகட்டின் தடிப்புப் பாதியானால் அதே விசை அதில் ஏற்படுத்தும் வளைவுத் தகைப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். புதிதில் சுமார் 1.5 மில்லிமீற்றர் இருந்த சுவர் 1.2க்கு வந்தால் தகைப்பு ஒன்றரை மடங்கு. 0.85க்கு வந்தால் மூன்று மடங்குக்கும் மேல். அதாவது முதல் மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது நாலாவது வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது. கடைசி இரண்டு மூன்று பத்தில் ஒரு பங்கு மில்லிமீற்றர்தான் ஆளைக் கொல்லும் இடம்.

சுவர் தோற்றுப்போகும்போது முதலில் ஒரு இடத்தில் வெளிப்பக்கம் புடைக்கும். பிறகு பிரேக் படும் தடத்தின் அடியோடு நீளவாக்கில் வெடிப்பு ஓடும். அப்புறம் கொக்கியோடு சேர்ந்து ஒரு துண்டு கிழிந்து வெளியே வரும், டியூப் வெடிக்கும். காற்று அடிக்கும்போதோ, அடித்துச் சற்று நேரத்திலோ, பிரேக்கைப் பலமாகப் பிடிக்கும்போதோ இது நடக்கலாம். பின் சில்லில் நடந்தால் சறுக்கி நிற்க ஒரு வாய்ப்பு உண்டு. முன் சில்லில் அந்தத் துண்டு பிரேக்கிலோ போர்க்கிலோ மாட்டிக்கொண்டால் சில்லு பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலால் போவார். காலி வீதியில் பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும் நிலையில் அது நடப்பதை எண்ணிப் பாருங்கள்.

கொழும்பில் ஏன் வேகமாகத் தேய்கிறது

ரப்பர் தனியே அலுமினியத்தைப் பெரிதாகத் தின்னாது. தின்பது மணல். மழை நாளில் தெருத் தண்ணீரோடு நுண்மணல் ரிம்மில் ஒட்டி, கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அரைபசை போல வேலை செய்கிறது. ஈர ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது என்பதால் அதிக நேரம் அழுத்திப் பிடிக்கிறோம், அரைபடுவதும் கூடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது முடிந்ததும் ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. நமக்குக் காய்ந்த தெரு கிடைக்கும் மாதங்கள் குறைவு. மரைன் டிரைவில் கடற்கரை மணல், உள்ளே வந்தால் கட்டடம் கட்டும் இடங்களின் மணல். போதாக்குறைக்குக் காலி வீதியில் நூறு யாருக்கு ஒரு தடவை பிரேக் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, உரசலில் கழன்ற அலுமினியத் துகள் கட்டையில் பதிந்து, அதுவே அடுத்த கத்தியாகிவிடும். பிரேக் பிடிக்கையில் "கிறீச்" என்று உலோகம் உரசும் சத்தம் வந்தால் அன்றே கட்டையைக் கழற்றிப் பாருங்கள். மினுங்கும் துணுக்குகள் இருக்கும். ஊசியால் கிண்டி எடுத்துவிட்டு, கட்டையின் முகத்தை மண்கடதாசியில் தேய்த்து மறுபடி பூட்டலாம்.

முதல் படி: கழுவி, குறியைத் தேடுதல்

அழுக்கு ரிம்மைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சவர்க்காரத் தண்ணீரால் இரு பக்கச்சுவரையும் கழுவித் துடையுங்கள். பிறகு டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்து, சில்லை மெல்லச் சுற்றிக்கொண்டே முழு வட்டத்தையும் பாருங்கள்.

சைக்கிள்களுக்கான ஐஎஸ்ஓ 4210 நியமத்தின்படி, ரிம் பிரேக்கின் பாகமாக இருந்து தேய்ந்து உடையும் ஆபத்து இருந்தால், உற்பத்தியாளர் அதை ஓட்டுபவருக்குத் தெரியும்படி ரிம்மில் குறிக்க வேண்டும். அந்தக் குறி பல உருவங்களில் வரும். அதிகம் காண்பது பிரேக் தடத்தின் நடுவே சுற்றி ஓடும் ஒரு மெல்லிய பள்ளக்கோடு. சிலவற்றில் கோட்டுக்குப் பதில் ஓரிரு இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவு குழி இருக்கும், பெரும்பாலும் வால்வுக்கு அருகிலோ அதற்கு நேர் எதிரிலோ. இவை இரண்டும் ஒரே மாதிரி: மறைந்தால் முடிந்தது. பள்ளத்தின் அடிமட்டம்தான் எல்லை, சுவர் அதுவரை தேய்ந்ததும் பள்ளம் இல்லாமல் போகும்.

ஆனால் சில ரிம்களில் குறி உள்பக்கம் இருந்து குடையப்பட்டிருக்கும். புதிதில் வெளியே ஒன்றும் தெரியாது, தேய்ந்து அந்த அளவுக்கு வந்ததும் சிறு துளையோ கோடோ எட்டிப் பார்க்கும். அங்கே தோன்றினால் முடிந்தது. எந்த வகை என்று தெரியாமல் பார்த்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். சுவரில் இருக்கும் ஸ்டிக்கர் அல்லது பொறிப்பைப் படியுங்கள். அது அழிந்திருந்தால், சைக்கிள் புதிதாக இருந்தபோது எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் குறியை நம்பாமல் நேரே அளவுக்குப் போய்விடுங்கள்.

ஏமாற்றும் விடயங்கள் மூன்று. கறுப்பு ரிம்மில் பிரேக் படும் இடம் வெள்ளையாகிவிட்டால் போனது மேற்பூச்சு மட்டும், எல்லை அல்ல. புதிய ரிம்மில் மயிரிழை போன்ற பல கோடுகள் தெரியும், அவை கடைசல் இயந்திரம் விட்டுப்போனவை. சீக்கிரமே மறைந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்தானது: பள்ளத்தில் கரி அடைந்து கறுப்புக் கோடாகவே தெரியும், ஆனால் ஆழம் இருக்காது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால்தான் பள்ளம் இருக்கிறது.

ஒரு இடத்தில் பள்ளம் இருந்து இன்னொரு இடத்தில் இல்லாவிட்டால், இல்லாத இடம்தான் தீர்ப்பு. சராசரி எடுக்கும் வேலை இது இல்லை.

இரண்டாவது படி: அடிமட்டத்தை வைத்துப் பார்த்தல்

கட்டை கொஞ்சம் கீழே இறங்கியோ மேலே ஏறியோ பூட்டப்பட்டிருந்தால் தேய்வு கோட்டுக்கு வெளியே விழும். கோடு அழகாக இருக்கும், அதற்குக் கீழே சுவர் குழிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் குட்டையான இரும்பு அடிமட்டத்தின் நேர் விளிம்பைச் சுவரின் உயரவாக்கில் வைத்து, பின்னால் டோர்ச் அடியுங்கள். குழிவு இருந்தால் நடுவில் வெளிச்சம் பிறை போல வரும். தடிப்பு பொறித்த மெல்லிய தகடுகளின் கட்டான பீலர் கேஜ் இருந்தால் அந்த இடைவெளியில் எந்தத் தகடு நுழைகிறது என்று பார்க்கலாம். இடைவெளி 0.2 மில்லிமீற்றருக்குள் என்றால் சாதாரணத் தேய்வு. 0.3ஐத் தாண்டினால் டயரைக் கழற்றி அளக்காமல் விடக்கூடாது. விளிம்புகளும் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்பதால் இந்த முறை எப்போதும் உண்மைத் தேய்வைக் குறைத்தே காட்டும்.

மூன்றாவது படி: காற்றோடு சுற்றிப் பார்த்தல்

டயரில் வழமையான காற்றை வைத்து, சைக்கிளைத் தூக்கிப் பிடித்துச் சில்லைச் சுற்றுங்கள். கட்டைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். முழு ரிம்மும் இடம் வலமாக ஆடினால் அது கம்பி இறுக்கத்தின் கோளாறு. ஒரு பக்கச்சுவர் மட்டும், ஒரு சிறு நீளத்துக்கு மட்டும் வெளியே வந்து போனால் அது புடைப்பு.

ஓட்டும்போது பிரேக் பிடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்" வருகிறதா? ரிம்மின் பொருத்து வால்வுக்கு நேர் எதிரே இருக்கும், அங்கே ஒரு சிறு தட்டு வருவது சில ரிம்களில் புதிதில் இருந்தே உண்டு. இதுவரை இல்லாத தட்டு திடீரென்று வந்தால்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். புடைப்போ, நீளவாக்கில் ஒரு மயிர் வெடிப்போ தெரிந்தால் முதலில் வால்வைத் திறந்து காற்றை விடுங்கள், முகத்தைச் சில்லுக்கு நேரே வைக்காமல். அதன்பின் அந்தச் சில்லை மீண்டும் ஓட்டுவது பற்றிய பேச்சே இல்லை, வீடுவரை கூட.

நான்காவது படி: சுவரை அளத்தல்

சாதாரண வேனியரைச் சுவரில் வைத்தால் பொய் அளவுதான் வரும். உள்ளே கொக்கி துருத்திக்கொண்டிருக்கிறது, வெளியே சுவர் குழிந்திருக்கிறது. தாடை இரண்டும் மேடுகளில்தான் படும். இதற்கு ஒரு இலகுவான வழி, பழைய சில்லுக் கம்பியில் வெட்டிய இரண்டு துண்டுகள். பொதுவான கம்பியின் தடிப்பு 2 மில்லிமீற்றர். இருந்தாலும் உங்கள் வேனியராலேயே இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

டயரையும் டியூப்பையும் கழற்றுங்கள். ஒரு துண்டை உள்பக்கம், கொக்கிக்குக் கீழே சுவரோடு ஒட்ட, ரிம்மின் நீளவாக்கில் வையுங்கள். மற்றதை வெளிப்பக்கம் குழிவின் ஆழமான இடத்தில் வையுங்கள். இரண்டையும் சேர்த்து வேனியரால் இலேசாகப் பிடித்து வாசியுங்கள். அதிலிருந்து இரு கம்பிகளின் தடிப்பையும் கழித்தால் மிஞ்சுவது சுவர். துண்டு ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமாக வேண்டாம், ரிம்மின் வளைவில் நுனி தூக்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் மூன்று தடவை வாசித்து, மிகக் குறைந்த வாசிப்பை எடுங்கள், ஏனென்றால் கம்பி சரிந்திருந்தால் அளவு கூடித்தான் வரும். ஒவ்வொரு பக்கமும் ஆறு இடமாவது பாருங்கள், பொருத்துக்கு அருகில் கட்டாயம். பொருத்தைச் சமப்படுத்தக் கடைந்திருப்பதால் அங்கே சுவர் ஆரம்பத்திலேயே மெல்லியதாக இருக்கலாம்.

வேனியர் இல்லாதவர்கள் பழைய சோனகத் தெரு வன்பொருள் கடைகளில் விசாரிக்கலாம். இந்த வேலைக்கு விலை கூடியது தேவையில்லை.

ஒரு சைக்கிளை எடுத்துப் பார்ப்போம்

வெள்ளவத்தையில் இருக்கும் நண்பர் ஒருவர் 2022இல் வாங்கிய ஹைபிரிட் சைக்கிளில் கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறார். 700சி சில்லு, 35 அகல டயர், வி-பிரேக், பள்ளக்கோடு உள்ள ரிம். மழையென்றும் பார்ப்பதில்லை. "கோடு நல்லாத் தெரியுதே மச்சான், என்னத்துக்குக் கழட்டுறாய்?" என்பது அவருடைய வாதம்.

இடப்பக்கம் கோடு உண்மையில் நன்றாக இருந்தது. பின் சில்லின் வலப்பக்கம் கழுவிய பிறகு ஒரு சாண் நீளத்துக்கு நகம் தட்டுப்படவே இல்லை. மற்ற இடமெல்லாம் இலேசாகத் தட்டுப்பட்டது. அடிமட்டம் வைத்தபோது அந்தச் சாண் நீளத்தில் 0.45 தகடு நுழைந்தது. காற்றோடு சுற்றியபோது புடைப்பு இல்லை. டயரைக் கழற்றி அளந்தோம். கம்பித் துண்டுகள் இரண்டும் 2.00. முன் சில்லில் எல்லா இடமும் 5.25க்கும் 5.35க்கும் இடையில், அதாவது சுவர் 1.25க்குக் குறையவில்லை. பின் சில்லின் இடப்பக்கம் 5.15, சுவர் 1.15. வலப்பக்கம் பொதுவாக 5.00, சுவர் 1.0. அந்தக் கெட்ட இடத்தில் 4.85, சுவர் 0.85.

பின் சில்லு முன்னதைவிட அதிகம் தேய்ந்ததற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. முன் சில்லும் தெருவும் வாரி இறைக்கும் சேறு பின் ரிம்மில்தான் படுகிறது, அவரோ பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கும் ஆள். வலப்பக்கம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்ததற்குக் காரணம் அந்தப் பக்கக் கட்டை. வி-பிரேக்கின் ஸ்பிரிங் சமன் இல்லாமல் வலக் கட்டை எப்போதும் ரிம்மை உரசிக்கொண்டே இருந்தது, அதில் மூன்று அலுமினியத் துணுக்குகளும் பதிந்திருந்தன.

ஐந்தாவது படி: தீர்ப்பு

உற்பத்தியாளரின் குறி எல்லையைக் காட்டிவிட்டால் அளவு எதுவானாலும் அதுவே முடிவு. குறி இல்லாத ரிம்முக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. மிக மெல்லிய இடம் 1.2க்கு மேல் என்றால் ஓட்டலாம், அடுத்த பருவமழை முடிந்ததும் மீண்டும் அளக்க வேண்டும். 1.0க்கும் 1.2க்கும் இடையில் என்றால் புதிய ரிம் தேட ஆரம்பித்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். 1.0க்குக் கீழே போனதும் முன் சில்லைப் பாவிப்பதை நிறுத்துவேன். பின் சில்லையும் அப்படித்தான், பின்னால் பிள்ளையோ பாரமோ ஏற்றுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். வெடிப்பு, புடைப்பு இருந்தால் அளவே தேவையில்லை.

காற்றைக் குறைத்து இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். காற்றைக் குறைத்தால் இழுவை குறையும், உண்மை. ஆனால் குழியில் விழும்போது டயர் நசுங்கி விளிம்பே நேரடியாக அடிவாங்கும், அதே மெல்லிய சுவரில். இந்த யோசனை எனக்குப் பிடிக்காது.

ஆறாவது படி: மாற்றுதல்

புறக்கோட்டை டாம் வீதியில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய் "26 ரிம்" என்று மட்டும் கேட்காதீர்கள். 26 என்ற பெயரில் பல அளவுகள் உண்டு. டயரின் பக்கத்தில் 37-590 என்பது போல இரண்டு எண் அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் ரிம்மின் அளவு. ஜப்பான் சைக்கிளின் 26 பெரும்பாலும் 590, மவுண்டன் சைக்கிளின் 26 என்பது 559, நண்பருடைய 700சி 622. அதோடு கம்பித் துளைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

ஹப் நன்றாக இருந்தால் ரிம்மை மட்டும் மாற்றலாம். அதே மொடல் கிடைத்தால் பழைய கம்பிகளே போதும். வேறு மொடல் என்றால் நிப்பிள் அமரும் இடத்தின் விட்டம் மாறும், கம்பி குட்டையாகவோ நீளமாகவோ போய்விடும். ஓரிரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைச் சமாளிக்கலாம், அதற்கு மேல் என்றால் புதுக் கம்பி போட வேண்டும். கூலியும் கம்பியும் சேர்த்துப் பார்த்தால் சாதாரணச் சைக்கிளுக்குப் பூட்டிய முழுச் சில்லே சில வேளை மலிவாக வரும், இரண்டு விலையையும் கேளுங்கள். புதிய ரிம்முக்குப் புதிய கட்டை. பழைய கட்டையின் முகம் பழைய குழிவுக்கு ஏற்ற வடிவத்தில் இருக்கும், உள்ளே மணலும் இருக்கும். கட்டையைத் தடத்தின் நடுவில் படும்படி பூட்டி, இரு பக்க ஸ்பிரிங்கையும் சமப்படுத்துங்கள். பிறகு மழையில் ஓடி வந்தால் ஈரத்துணியால் ரிம்மையும் கட்டையையும் ஒரு தடவை துடைத்துவிட்டால் தேய்வு கணிசமாகக் குறையும்.

பழைய ரிம்மைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன் வாளால் குறுக்கே அறுத்துவிடுங்கள், வேறொருவரின் சைக்கிளில் போய் ஏறாமல் இருக்க. நண்பருடைய ரிம்மை அந்தக் கெட்ட இடத்திலேயே அறுத்தோம். வெட்டுமுகத்தில் வேனியரின் முனையை நேரே வைத்து அளந்தபோது மிக மெல்லிய இடம் 0.8 காட்டியது. கம்பித் துண்டு வைத்து வந்த அளவைவிட 0.05 குறைவு.